ஏரியில் வாத்துகள் கூடினவா, எண்ணும் நேரம் கூடியதா?

கேள்வி: ஓர் ஏரியில் 1994 முதல் 2023 வரை ஒவ்வொரு குளிர்காலமும் நாலைந்து நாட்கள் ஊசிவால் வாத்துகளை எண்ணியிருக்கிறோம், நடுவில் இரண்டு வருடம் மட்டும் விட்டுப்போனது. ஒரு நாள் எண்ணிக்கை சராசரியாக 300இலிருந்து 600 ஆகிவிட்டது. ஆனால் ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு 2 மணி நேரம்தான் எண்ணினோம். இப்போது குழுக்களாகப் பிரிந்து மொத்தம் 8 மணி நேரம். ஆட்களும் மாறிவிட்டார்கள். நேரத்தால் வகுத்துப் பார்த்தால் வாத்துகள் பாதியாகக் குறைந்ததாக வருகிறது. இதில் ஆட்டோகோரிலேஷன் வேறு இருக்கும் என்கிறார்கள். எதை நம்புவது?

பதில்:

இரண்டையும் நம்ப வேண்டாம். அதற்கான காரணத்திலிருந்தே தொடங்குகிறேன், கணக்கிடும் வழியும் அதிலிருந்தே வந்துவிடும்.

உங்களிடம் இருப்பவை வெவ்வேறு வகையான இரண்டு சிக்கல்கள். எண்ணும் நேரம் மாறியது போக்கையே திருப்பிவிடும். ஏற்றத்தை இறக்கமாகவும் இறக்கத்தை ஏற்றமாகவும் காட்டும். ஆட்டோகோரிலேஷன், அதாவது ஓர் ஆண்டின் எண் முந்தைய ஆண்டின் எண்ணை ஒட்டியே வருவது, பொதுவாகப் போக்கை ஒரு பக்கமாக இழுப்பதில்லை. கிடைத்த விடையின் மேல் நமக்கு அளவுக்கு மீறிய உறுதியைக் கொடுப்பதுதான் அதன் வேலை. அதனால் முதலில் நேரம், அப்புறம் ஆட்கள், கடைசியில் மீதியிருக்கும் ஆட்டோகோரிலேஷன் என்ற வரிசையில் போவது நல்லது. வரிசையை மாற்றினால் ஒன்றின் தடயத்தை இன்னொன்றாக எடுத்துக்கொள்வீர்கள். அது எப்படி என்று கீழே வருகிறது.

முதலில் நேரம். எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்வது, எட்டு மணி நேரம் பார்த்தாலும் இரண்டு மணி நேரம் பார்த்தாலும் ஒரே அளவு வாத்துதான் கண்ணில் படும் என்று சொல்வதற்குச் சமம். நேரத்தால் வகுப்பது, நேரம் இரு மடங்கானால் வாத்தும் இரு மடங்கு கிடைக்கும் என்று சொல்வதற்குச் சமம். இரண்டுமே அனுமானங்கள், அதுவும் இரு எல்லைகளில் நிற்பவை. உண்மையில் முதல் ஒரு மணி நேரத்திலேயே திறந்த நீரில் மிதக்கும் பெருங்கூட்டம் எண்ணி முடிந்துவிடும். அடுத்த மணி நேரங்களில் நாணல் ஓரம், மறுகரை, ஒதுங்கி நிற்கும் சிறு கூட்டங்கள் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். இதை ஒரே எண்ணில் அடக்கலாம்: எண்ணிக்கை, நேரத்தின் p அடுக்குக்கு விகிதமாக வளர்கிறது என்று வையுங்கள். p = 0 என்றால் நேரத்தால் பயனே இல்லை. p = 1 என்றால் வகுத்தல் சரி. பெரும்பாலான இனங்களுக்கு உண்மை இவற்றுக்கு நடுவில் எங்கேயோ இருக்கும், அதுவும் இனத்துக்கு இனம் மாறும்.

இது புதிய சிக்கல் இல்லை. வட அமெரிக்காவில் 1900இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பு 24 கிலோமீட்டர் விட்டமுள்ள வட்டங்களில் நடக்கிறது. ஒவ்வொரு வட்டத்திலும் குழுக்கள் களத்தில் இருந்த மணி நேரத்தையும் குறித்து வைக்கிறார்கள். பல்லாண்டுகளில் அந்த நேரம் வெகுவாகக் கூடிவிட்டதால், அந்தத் தரவை ஆராய்ந்த லிங்க், சாவர் இருவரும் இதே போன்ற அடுக்குச் சார்பை எழுதி, அடுக்கைத் தரவிலிருந்தே கணித்தார்கள். முன்கூட்டியே 1 என்று வைத்துக்கொள்ளவில்லை.

உங்கள் எண்களில் போட்டுப் பார்ப்போம். நேரம் 4 மடங்கு ஆகியிருக்கிறது, எண்ணிக்கை 2 மடங்கு. p = 0 என்று வைத்தால் 29 ஆண்டு இடைவெளியில் இரு மடங்கு, அதாவது ஆண்டுக்குச் சுமார் 2.4 சதவீத ஏற்றம். p = 1 என்றால் ஆண்டுக்கு அதே 2.4 சதவீத இறக்கம். p = 0.5 என்றால், 4இன் வர்க்கமூலம் 2 என்பதால், எண்ணிக்கையின் ஏற்றம் முழுவதையும் நேரமே விளக்கிவிடுகிறது. 4 மணி நேரத்துக்குச் சமப்படுத்திப் பார்த்தால் அன்றும் 424, இன்றும் 424. ஆக உங்கள் கேள்வி முழுவதும் p எவ்வளவு என்பதில்தான் தொங்குகிறது.

இந்த p-யை ஆண்டுப் போக்கிலிருந்து எடுக்கவே கூடாது. நேரமும் ஆண்டும் சேர்ந்தே ஏறியிருப்பதால், `year`, `log(hours)` இரண்டையும் ஒரே மாடலில் வெறுமனே போட்டால் கணினி ஏதோ ஒரு விடை கொடுக்கும். ஆனால் ஏற்றத்தில் எவ்வளவை எதற்குத் தருவது என்பதை அந்தத் தரவால் சரியாகச் சொல்ல முடியாது. இரண்டு குணகங்களின் திட்டப் பிழையும் பெரிதாக வீங்கியிருப்பதுதான் அதற்கு அடையாளம். ஒரு வருடத்தை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினால் குறியே மாறக்கூடும்.

தப்பிக்கும் வழி உங்கள் தரவிலேயே இருக்கிறது: ஒரே குளிர்காலத்தில் நாலைந்து நாட்கள். அந்த நாட்களுக்குள் நேரம் முன்னே பின்னே இருந்திருக்கும்; ஒரு நாள் 5 மணி, இன்னொரு நாள் 9 மணி. ஒரே குளிர்காலத்துக்குள் வாத்துகளின் உண்மையான அளவு ஓரளவு நிலையானது என்று கொண்டால், அந்த உள் வேறுபாட்டிலிருந்து p கிடைக்கும். மாடலில் இதைச் செய்ய, ஆண்டை நேர்கோடாகப் போடாமல் ஒவ்வோர் ஆண்டையும் தனி வகையாகப் போட வேண்டும். ஆண்டுகளுக்கிடையே உள்ள வேறுபாடு முழுவதையும் அந்த வகைகள் எடுத்துக்கொள்ளும். p ஆண்டுக்குள் நடப்பதிலிருந்து மட்டுமே கணிக்கப்படும்.

```r
library(glmmTMB); library(emmeans); library(nlme)
d$yearf <- factor(d$year)
m1 <- glmmTMB(count ~ yearf + log(hours) + first + (1 | observer),
              family = nbinom2, data = d)
```

`log(hours)` குணகம்தான் p. `offset(log(hours))` என்று எழுதியிருந்தால் அது p-யை 1 என்று பூட்டியிருக்கும், அதாவது நீங்கள் செய்த வகுத்தலையே வேறு வடிவில் செய்திருக்கும். பலரும் அறியாமல் இதைத்தான் எழுதிவிடுகிறார்கள். `nbinom2` என்ற எதிர்மறை ஈருறுப்புப் பரவலைப் போட்டதற்குக் காரணம், கூட்டமாக வாழும் பறவைகளின் எண்ணிக்கை பாய்சான் பரவலை விட மிகவும் சிதறியிருக்கும் என்பதே. குளிர்கால வாத்துக் கூட்டத்துக்குப் பாய்சான் போட்டால் திட்டப் பிழை நம்ப முடியாத அளவுக்குச் சிறிதாக வரும்.

இங்கே ஒரு கண்ணியும் இருக்கிறது. வாத்து நிறைய இருக்கும் நாளில் எண்ணி முடிக்கவே அதிக நேரம் ஆகும். அப்போது நேரம் எண்ணிக்கையைக் கூட்டவில்லை. எண்ணிக்கைதான் நேரத்தைக் கூட்டியது. p உண்மையை விடப் பெரிதாக வரும், போக்கு கீழே இழுக்கப்படும். இதைக் கண்டுபிடிக்க, நேரம் முன்கூட்டியே முடிவான நாட்களை மட்டும் தனியாக எடுத்து மாடலை ஓட்டுங்கள். இத்தனை பேர் வருவார்கள், இத்தனை மணிக்குக் கிளம்பிவிடுவோம் என்று திட்டமிட்ட நாட்கள் அவை. அவற்றில் p கணிசமாகக் குறைந்தால் கண்ணியில் விழுந்திருக்கிறீர்கள் என்று பொருள்.

அடுத்தது ஆட்கள். மாடலில் `observer` இருப்பதால் மட்டும் ஆட்களின் வேறுபாடு நீங்கிவிடாது. ஒருவர் 2006 வரை தனியாக எண்ணினார், 2007இலிருந்து வேறொருவர் தனியாக எண்ணுகிறார் என்றால், 2007இல் தெரியும் தாவல் வாத்துடையதா ஆளுடையதா என்று எந்த மாடலாலும் சொல்ல முடியாது. இருவரும் சில குளிர்காலங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக, வெவ்வேறு நாட்களிலாவது எண்ணியிருக்க வேண்டும். அந்த மேற்படிவுதான் பழைய ஆண்டுகளைப் புதிய ஆண்டுகளோடு கட்டி வைக்கிறது. அதனால் மாடலுக்கு முன்பே ஒரு அட்டவணை போடுங்கள்: வரிசையில் ஆட்கள், நெடுக்கில் ஆண்டுகள், கட்டங்களில் நாட்கள். அதில் எங்காவது பாலமே இல்லாமல் இரண்டு துண்டாகப் பிரிந்தால், அந்த இடைவெளியைத் தாண்டிய போக்கை அறிக்கையில் எழுதக் கூடாது.

மாடலில் இருக்கும் `first` என்பது, அந்த ஆள் அந்த ஏரியில் எண்ணும் முதல் குளிர்காலமா என்பதற்கான 0/1. வட அமெரிக்க இனப்பெருக்கக் காலப் பறவைக் கணக்கெடுப்பு 1966இலிருந்து நடக்கிறது. ஒரு பாதையில் 50 நிறுத்தங்கள், ஒவ்வொன்றிலும் 3 நிமிடம். நேரம் அங்கே மாறுவதே இல்லை. அப்படியிருந்தும், ஒருவர் ஒரு பாதையில் முதல் வருடம் எண்ணுவது அடுத்த வருடங்களை விடக் குறைவாக வருவதைக் கண்டு, அதற்கென்று தனி மாறி வைத்திருக்கிறார்கள். இடம் பழகப் பழக எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. இதை விட்டுவிட்டால் இல்லாத ஏற்றம் ஒன்று போக்கில் சேர்ந்துகொள்ளும்.

இப்போது ஆட்டோகோரிலேஷன். இது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். போன வருடம் பிழைத்த வாத்துகள் இந்த வருடமும் வருகின்றன. நல்ல மழைக்குப் பிறகு ஏரி இரண்டு மூன்று வருடம் நன்றாக இருக்கிறது. இவை இயற்கையானவை. ஆனால் கூர்ந்து பார்க்கிற ஒருவர் எட்டு வருடம் தொடர்ந்து எண்ணினால், அந்த எட்டு வருடமும் எண்ணிக்கை மேலேயே நிற்கும். மாடலில் ஆளைச் சேர்க்காவிட்டால் அதுவும் ஆட்டோகோரிலேஷன் போலவே தெரியும். வரிசை முக்கியம் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். நேரத்தையும் ஆளையும் சரிசெய்யாமல் ஆட்டோகோரிலேஷனை மாடலில் போட்டால், அது திருத்த வேண்டிய பிழையை வெறும் இரைச்சலாக விழுங்கிவிடும். படம் அழகாக வரும், போக்கு தவறாகவே இருக்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும், ஏனென்றால் நடைமுறையில் நான் அதிகம் பார்க்கும் பிழை இதுதான். 28 குளிர்காலம், ஒவ்வொன்றிலும் 5 நாள் என்றால் 140 வரிகள். ஆண்டை நேர்கோடாக மட்டும் போட்டு இந்த 140 வரிகளையும் மாடலுக்குக் கொடுத்தால், அது 140 தனித்தனிச் சாட்சிகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். ஆனால் ஒரு நல்ல குளிர்காலத்தின் 5 நாட்களும் சேர்ந்தே மேலே இருக்கும். போக்கைப் பொறுத்தவரை உங்களிடம் இருப்பது 28 சாட்சிகள்தான்; ஆட்டோகோரிலேஷனைக் கணக்கில் எடுத்தால் அதைவிடவும் குறைவு.

எவ்வளவு குறைவு என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு இருக்கிறது. அடுத்தடுத்த ஆண்டுகளின் தொடர்பு ρ என்றால், n ஆண்டுகளின் மதிப்பு n(1−ρ)/(1+ρ) தனி ஆண்டுகளுக்குச் சமம். ρ = 0.5 என்றால் 30 ஆண்டு 10 ஆண்டாகச் சுருங்கும். திட்டப் பிழை √3, அதாவது சுமார் 1.7 மடங்கு பெரிதாகும்.

இதைக் கணக்கில் கொண்டுவர, முதல் மாடலிலிருந்து ஆண்டுக் குறியீட்டை எடுங்கள். எல்லா ஆண்டும் 4 மணி நேரம், பழகிய ஆள் என்ற ஒரே நிலையில். அந்தக் குறியீட்டின் மேல் போக்கைப் பொருத்துங்கள்.

```r
ix <- as.data.frame(emmeans(m1, "yearf", at = list(hours = 4, first = 0)))
ix$year <- as.numeric(as.character(ix$yearf))
m2 <- gls(emmean ~ year, correlation = corCAR1(form = ~ year), data = ix)
intervals(m2)
```

`corCAR1` உண்மையான ஆண்டு இடைவெளியைப் பார்ப்பதால், விட்டுப்போன இரண்டு வருடங்களைத் தாண்டியதும் தொடர்பைத் தானே குறைத்துக்கொள்ளும். அந்த வருடங்களைச் சராசரி போட்டு நிரப்ப வேண்டாம்; நிரப்பினால் இல்லாத தொடர்பை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள். `Phi` என்று வருவதுதான் ஓராண்டுத் தொடர்பு.

ஆட்டோகோரிலேஷன் இருக்கிறதா என்று சோதித்துவிட்டு, இல்லையென்றால் சாதாரண நேர்கோடு போதும் என்று பலர் எழுதுகிறார்கள். இவ்வளவு சிறிய தொடரில் இது ஆபத்தானது. 30 புள்ளிகளுக்கு அந்தச் சோதனைப் படத்தில் வரும் எல்லைக் கோடு ஏறத்தாழ ±0.36இல் இருக்கும். உண்மையான தொடர்பு 0.3 என்றாலும் கோட்டைத் தாண்டாமல் போகலாம். மேலும் போக்கை நீக்கிய மீதியில் கணிக்கும் தொடர்பு, தொடர் சிறிதாக இருக்கும்போது உண்மையை விடக் குறைவாகவே வரும், உண்மை 0.5 என்றால் 0.4 அளவில்தான் எதிர்பார்க்கலாம். அதனால் சோதனை என்ன சொன்னாலும் அந்த உறுப்பை மாடலில் வைத்துக்கொள்ளுங்கள். `Phi` இடைவெளியின் மேல் எல்லையை எடுத்து ஒருமுறை திட்டப் பிழையைக் கணக்கிட்டுப் பார்ப்பதும் நல்லது.

நேர்கோடு வேண்டாம், வளைகோடு போடலாமே என்று தோன்றும். போடலாம். ஆனால் வளைகோட்டை எவ்வளவு வளைய விடுகிறீர்களோ, அவ்வளவு ஆட்டோகோரிலேஷனை அது தின்றுவிடும். மீதியில் தொடர்பே இல்லாதது போலத் தெரியும். அதே ஏற்றத்தாழ்வைப் போக்கு என்றும் சொல்லலாம், தொடர்புள்ள இரைச்சல் என்றும் சொல்லலாம். தரவு தானாகப் பிரித்துத் தராது. எத்தனை வருடத்துக்கு மேல் நீடித்தால் அதைப் போக்கு என்று அழைப்பது என்பதை, படத்தைப் பார்ப்பதற்கு முன்பே நீங்கள் முடிவு செய்து எழுதி வைக்க வேண்டும்.

சரி, எல்லாவற்றையும் சேர்த்து ஓர் உதாரணம் போடுவோம். உங்கள் முதல் மாடலில் p = 0.5, திட்டப் பிழை 0.15 என்று வந்ததாக வையுங்கள். இரண்டாம் கட்டத்தில் போக்கு ஆண்டுக்கு 0 சதவீதம். சாதாரண நேர்கோடு தரும் திட்டப் பிழை 0.9 சதவீதம். ρ = 0.5 என்பதால் அது ஏறக்குறைய 1.56 ஆகிறது. இத்தோடு முடியவில்லை. p-யில் உள்ள பிழை எல்லா ஆண்டுகளையும் ஒரே திசையில் சாய்க்கும். இரண்டாம் மாடலுக்கு அது தெரியவே தெரியாது. அதைக் கையால் சேர்க்கலாம்: 0.15ஐ 4இன் இயல் லாகால் (1.386) பெருக்கி 29ஆல் வகுத்தால் 0.0072, அதாவது ஆண்டுக்கு 0.7 சதவீதம். இரண்டையும் வர்க்கம் எடுத்துக் கூட்டி மூலம் எடுத்தால் 1.7 சதவீதம். ஆக 95 சதவீத இடைவெளி ஆண்டுக்கு ஏறத்தாழ −3.4இலிருந்து +3.4 வரை.

29 ஆண்டுகளுக்கு இது என்ன பொருள்? வாத்துகள் சுமார் 37 சதவீதமாகக் குறைந்திருக்கலாம், 2.7 மடங்காகக் கூடியும் இருக்கலாம். இதைப் பார்த்துக் குழுவில் சோர்வு வரும் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரே ஏரி, 28 குளிர்காலம், நான்கு மடங்கு மாறிய நேரம் என்ற நிலையில் நேர்மையான விடை இவ்வளவு அகலமாகத்தான் இருக்கும். "இரு மடங்கானது", "பாதியானது" என்ற இரண்டு தலைப்புகளுக்கும் இந்தத் தரவில் ஆதாரம் இல்லை என்று சொல்வதும் ஒரு முடிவுதான். அகலத்தில் பெரும்பங்கு ஆண்டு ஏற்றத்தாழ்வுடையது என்பதையும் கவனியுங்கள். அதைக் குறைக்க மற்ற ஏரிகளின் தரவைச் சேர்ப்பதுதான் வழி. நேரம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஏறியிருக்காது என்பதால் p-யும் அப்போது இன்னும் தெளிவாகப் பிரியும்.

நேரமும் ஆளும் குறித்து வைத்தவை. குறித்து வைக்காதவையும் உண்டு: நல்ல டெலஸ்கோப் வந்தது, புதிய பார்வைக் கோபுரம் கட்டியது. இவற்றைப் பிடிக்க ஒரே நாளில் எண்ணிய மற்ற இனங்களைப் பாருங்கள். கரையோரம் நிற்கும் பெரிய கொக்குகள் எந்தக் கண்ணாடியிலும் தெரியும். தூரத்து வாத்துகளுக்குத்தான் டெலஸ்கோப் வேண்டும். ஒரே ஆண்டில் தூரத்து இனங்கள் எல்லாம் சேர்ந்து தாவி, கிட்டத்து இனங்கள் அசையாமல் இருந்தால், மாறியது ஏரி இல்லை. அந்த ஆண்டுக்கு முன், பின் என்று ஒரு மாறியை மாடலில் சேர்த்துவிடுங்கள்.

வரும் குளிர்காலத்தில் ஒன்று செய்ய முடியும். 10 நாட்கள், ஒரே காலையில் பழைய முறையையும் புதிய முறையையும் அருகருகே நடத்துங்கள். ஒருவர் 1994இல் நின்ற இடங்களில் மட்டும் நின்று 2 மணி நேரம். மற்றவர்கள் வழக்கமான 8 மணி நேரம். இரு தரப்பும் நாள் முடியும்வரை எண்களைப் பேசிக்கொள்ளக் கூடாது; முதல் எண் காதில் விழுந்தால் இரண்டாவது எண் அதை நோக்கியே நகரும். ஒரு நாள் 2 மணி நேரத்தில் 420, 8 மணி நேரத்தில் 840 என்று வந்தால், ln 2 / ln 4 = 0.5 என்பதே அந்த நாளின் p. நாளுக்கு நாள் அந்த லாக் விகிதத்தின் திட்ட விலக்கம் 0.4 அளவில் இருந்தால், 10 நாளில் p-யின் திட்டப் பிழை 0.09க்கு வந்துவிடும். போக்கின் இடைவெளி இதனால் பெரிதாகச் சுருங்காது, 1.7 என்பது 1.6 ஆகும், அவ்வளவுதான். ஆனால் வாத்து நிறைய இருந்ததால் நேரம் கூடியதா என்ற சந்தேகம் இந்த p-யில் இல்லை. நேரமும் 2இலிருந்து 8 வரை முழு வீச்சில் இருக்கிறது. இப்போதைய தரவில் ஓர் ஆண்டுக்குள் 5 முதல் 9 வரைதான் மாறியிருக்கும். 2 மணி நேரத்துக்கு அதை நீட்டுவது ஊகம். முதல் மாடலிலிருந்து வந்த p-யும் இதுவும் வெகுதூரம் விலகி நின்றால், இதை எடுத்துக்கொண்டு `offset(p * log(hours))` என்று எழுதி ஆண்டுக் குறியீட்டைப் புதிதாகக் கணக்கிடுங்கள்.